பதினாறு வெளியீடுகளில் ஆறு

உயிர்வேதியியலில் பிஎச்.டி. முடித்து, மூன்றாண்டு போஸ்ட்டாக் பணியும் செய்த ஒருவர் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சி.வி.யில் ‘வெளியீடுகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் 1 முதல் 16 வரை எண்ணிட்ட வரிகள் இருக்கின்றன. தேர்வுக் குழுவில் அதே துறைக்காரர் ஒருவர் இருந்தால், அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார். பேனாவை எடுத்துத் தானே பிரிக்கத் தொடங்குவார். ஆய்விதழ்களில் துறை வல்லுநர்கள் படித்து மதிப்பிட்டு வெளியான கட்டுரைகள் ஆறு. பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீள்பார்வைக் கட்டுரை ஒன்று. மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் ஏற்றிய பிரீபிரிண்ட் ஒன்று. புத்தக அத்தியாயம் ஒன்று. கருத்தரங்க மலர்களில் வந்த சுருக்கங்கள் ஐந்து. ‘தயாரிப்பில் உள்ளது’ என்று இரண்டு.

ஆறு கட்டுரை என்பது அந்தக் கட்டத்தில் உள்ளவருக்கு நல்ல கணக்குதான். ஆனால் பதினாறு என்று தொடங்கி ஆறில் வந்து நிற்கும்போது, மீதிப் பக்கங்களையும் அவர் சந்தேகத்தோடுதான் புரட்டுவார். அதே பட்டியலைத் துணைத்தலைப்பு போட்டுப் பிரித்திருந்தால், ஆறு முதலில் வந்திருக்கும். மற்றவை அதற்குத் துணையாக நின்றிருக்கும். எதையும் மறைக்கவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். எது எத்தகைய சோதனையைத் தாண்டி வந்தது என்பது படிப்பவருக்கு உடனே தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆராய்ச்சியாளரின் சி.வி.யில் வரிசை என்பதன் பொருளே இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பொதுவாக வழங்கும் வரிசை இது: பெயர், தொடர்பு விவரம், இப்போதைய பணி, படிப்பு, முந்தைய ஆய்வுப் பணிகள், வெளியீடுகள், ஆய்வு நிதி, கருத்தரங்க உரைகள், கற்பித்தல்; பிறகு விருதுகள், ஆய்விதழ்களுக்கு மதிப்பீடு செய்த பணி, கடைசியில் பரிந்துரையாளர்கள். ஒவ்வொரு பகுதியிலும் புதியது மேலே, பழையது கீழே. கற்பித்தலே முதன்மையான கல்லூரிக்கு விண்ணப்பித்தால் கற்பித்தல் பகுதி மேலே ஏறலாம். தந்தை பெயர், மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் அளவுப் படம் ஆகியவை நம்மூர் பயோடேட்டாவின் பழக்கம். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பும் சி.வி.யில் இவை இருக்கக் கூடாது.

வெளியீடுகளில் படிப்பவர் அடுத்துத் தேடுவது ஆசிரியர் வரிசையை. உயிரியலில் முதல் பெயர் பெரும்பாலும் சோதனைகளைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. நம் எடுத்துக்காட்டில் இருப்பவர் ஆறு கட்டுரைகளில் இரண்டில் முதல் ஆசிரியர். ஒன்றில் முதல் இடத்தை இன்னொருவரோடு சமமாகப் பகிர்ந்தவர்; மற்ற மூன்றில் நடுவில் இருப்பவர். எனவே எல்லாப் பெயர்களையும் அச்சில் வந்த அதே வரிசையில் எழுதி, தன் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் காட்ட வேண்டும். சமப் பங்குக்கு ஒரு குறியிட்டு, அதன் விளக்கத்தைப் பகுதியின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்ல வேண்டும். முதல் பெயரை எழுதி ‘மற்றும் பலர்’ என்று முடித்தால், நடுவில் இருக்கும் விண்ணப்பதாரர் காணாமலே போய்விடுகிறார்.

இந்த வழக்கம் எல்லாத் துறைக்கும் பொருந்தாது. கணிதத்தில் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் வரும். அங்கே முதல் பெயருக்குத் தனி மதிப்பு கிடையாது. துகள் இயற்பியலில் நிலைமை இன்னும் வேறு. ஹிக்ஸ் போசானின் நிறையை அளந்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,000-க்கும் மேற்பட்டோர். அப்படிப்பட்ட கட்டுரையில் தன் பெயரைத் தடிப்பாக்குவதால் பயனில்லை. கருவியில் எந்தப் பகுதியை அமைத்தேன், எந்தக் கணக்கைச் செய்தேன் என்று கீழே ஒரு வரி எழுதுவதே பயன்படும். வேறு துறைக்காரர்களும் குழுவில் இருந்தால், தன் துறையின் வழக்கத்தை விண்ணப்பதாரரே சொல்லிவிடுவது நல்லது.

தமிழர்களுக்குத் தலைப்பெழுத்துச் சிக்கலும் உண்டு. ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்து முன்னால் வரும். இன்னொன்றில் தந்தை பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராகிவிடும். தேடுகிறவருக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள்போல் தெரியும். 2012-இல் தொடங்கிய ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்காகவே வந்தது. அதைப் பெயருக்கு அடியில் கொடுத்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் டி.ஓ.ஐ. எண்ணையும் சேர்த்தால், சொன்னதை யாரும் நொடியில் சரிபார்க்கலாம்.

இன்னும் அச்சில் வராதவற்றில்தான் தடுமாற்றம் அதிகம். ‘ஏற்கப்பட்டது’ என்றால் இதழாசிரியரின் ஏற்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ‘மதிப்பீட்டில் உள்ளது’ என்பது அனுப்பியாயிற்று என்பதை மட்டுமே காட்டும். அங்கே இதழின் பெயரைப் போட்டு மதிப்பு தேடக் கூடாது. ‘தயாரிப்பில்’ என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது என்பதால், அந்த இரண்டு வரிகளையும் நான் எடுத்துவிடச் சொல்வேன். ஆய்வுத் திட்ட அறிக்கையில் அவற்றுக்கு இடம் உண்டு. பிரீபிரிண்ட் பின்னால் இதழில் வெளிவந்துவிட்டால் இரண்டும் ஒரே வரியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆய்வு இருமுறை எண்ணப்படும்.

நிதிப் பகுதியிலும் இதே கேள்விதான்: உங்கள் பங்கு எது? திட்டத்தின் தலைப்பு, நிதி தந்த அமைப்பு, காலம், தொகை, முதன்மை ஆய்வாளரா இணை ஆய்வாளரா என்பது, இவை ஐந்தும் வேண்டும். மூன்று நிறுவனங்கள் பகிர்ந்த 60 லட்ச ரூபாய்த் திட்டத்தில் இணை ஆய்வாளருக்கு வந்தது 12 லட்சம் என்றால், இரண்டு எண்களையும் எழுத வேண்டும். சொந்த உதவித்தொகையான ஃபெல்லோஷிப்பைத் திட்ட நிதியோடு கலக்காமல் தனியே காட்ட வேண்டும். விண்ணப்பித்து முடிவு வராதவற்றுக்கு வேறு தலைப்பு.

கருத்தரங்குகளில் அழைப்பின்பேரில் பேசியது, சுருக்கம் அனுப்பித் தேர்வாகிப் பேசியது, போஸ்டர் வைத்தது என்று மூன்று அடுக்கு உண்டு. பார்வையாளராகக் கலந்துகொண்டதும் பயிலரங்கச் சான்றிதழும் இந்தப் பகுதியில் சேராது. நம் விண்ணப்பதாரரின் ஐந்து சுருக்கங்களும் வெளியீடுகளிலிருந்து நகர்ந்து இங்கே வரவேண்டியவை. கணினி அறிவியலில் மட்டும் இது தலைகீழ். நியூரிப்ஸ் போன்ற மாநாடுகளில் வரும் முழுக் கட்டுரைகள் கடும் மதிப்பீட்டைத் தாண்டி வருபவை. அவையே அத்துறையின் முதன்மை வெளியீடுகள்.

கற்பித்தலை ‘இரண்டாண்டு அனுபவம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எந்தப் பாடம், இளநிலையா முதுநிலையா, எந்தப் பருவம், எத்தனை மாணவர்கள், முழுப் பாடத்தையும் தானே நடத்தினாரா ஆய்வகத்தில் உதவினாரா என்பதெல்லாம் குழுவுக்குத் தெரிய வேண்டும். வேலைக்கு வந்தால் அடுத்த பருவத்திலேயே எந்த வகுப்பை இவரிடம் ஒப்படைக்கலாம் என்று அவர்கள் பார்ப்பது இதை வைத்துத்தான். முதுநிலை மாணவர்களின் ஆய்வேட்டுக்கு வழிகாட்டியிருந்தால், அதையும் இங்கே தனி வரியாகச் சேர்க்கலாம்.

இவ்வளவையும் ஒரு மூலப் பிரதியில் வைத்துக்கொண்டால், ஒரு நிதி அமைப்பு கடந்த ஐந்தாண்டு வெளியீடுகளை மட்டும் கேட்கும்போதும், இன்னொன்று முக்கியமான ஐந்து கட்டுரைகளை மட்டும் கேட்கும்போதும் அதிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம். அந்தப் பிரதியின் தலையில் கடைசியாகத் திருத்திய தேதியும், ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் பக்க எண்ணும் இருக்கட்டும். அச்செடுத்த தாள்கள் குழுவின் மேசையில் கலந்துபோவது வழக்கம்.