ஒரே மாதிரி தெரியும் இரண்டு பாய்கள்

கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயர் நெய்த பாய் வேண்டுமென்று யாராவது கைபேசியில் தேடினால், சில நூறு ரூபாயில் ஒரு கோரைப்பாயும் பல ஆயிரத்தில் ஒரு பத்தமடைப் பாயும் அடுத்தடுத்து வந்து நிற்கும். உள்ளங்கை அளவுத் திரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் சிவப்பு, பச்சை, மஞ்சள்; இரண்டிலும் 'பாரம்பரியம்', 'இயற்கை', 'உடலுக்குக் குளிர்ச்சி' என்று எழுதியிருக்கும். விலை குறைந்ததை வாங்குபவரைக் குறை சொல்ல வழியில்லை.

கையால் நெய்பவருக்கு இதுதான் முதல் சிக்கல். விளம்பரத்துக்குப் பணமில்லை என்பது அதற்குப் பிறகு வருவது. பணம் கட்டி இன்னும் ஆயிரம் பேர் கண்ணில் காட்டினாலும், அந்த ஆயிரம் பேரும் அதே இரண்டு படங்களைப் பார்த்து அதே முடிவுக்குத்தான் வருவார்கள்.

திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது பத்தமடை. அவ்வூர்ப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. 1953-இல் இங்கிலாந்து ராணி முடிசூடியபோது இங்கிருந்து ஒரு பாய் பரிசாகப் போனது என்ற கதையும் உண்டு. விற்பவர்கள் பெரும்பாலும் இந்த ராணி கதையைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விசைத்தறிப் பாயை வாங்கி விற்கும் கடைக்காரரும் அதே கதையை அச்சடித்து ஒட்டிவிடலாம், ஒட்டவும் செய்வார். பொய்ச்சரக்கு விற்பவர் வாயிலும் பொருந்தும் கதையால் மெய்ச்சரக்குக்கு என்ன ஆதாயம்?

அவரால் சொல்ல முடியாத கதை பாய்க்குள்ளேயே இருக்கிறது. கோரையை அறுத்து வெயிலில் காயவைக்கிறார்கள். உயர்ரகப் பாய்க்கானதை ஆற்று நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். பிறகு தண்டைக் கத்தியால் கிழித்து, உள்ளிருக்கும் வெள்ளைச் சோற்றை நீக்கிவிட்டு, மேல்தோலை மட்டும் நூல்போல இழை இழையாக எடுக்கிறார்கள். சாயம் தோய்த்த அந்த இழைகளைத் தரையோடு தரையாகக் கட்டிய தறியில், மெல்லிய பருத்தி நூல் பாவுக்கு ஊடாக ஒவ்வொன்றாகச் செலுத்தி அடிக்கிறார்கள். சாதாரணப் பாய் சீக்கிரம் முடிந்துவிடும். நுண்பாய் வாரக்கணக்கில் தறியிலேயே கிடக்கும்.

இத்தனையையும் ஒரே வீடியோவில் பின்னணி இசையோடு காட்டிவிட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். காட்டினால் 'அருமை', 'வாழ்த்துகள்' என்று வந்து குவியும், பாய் மட்டும் விற்காது. வாங்குபவர் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இது ஏன் இந்த விலை? அதற்குப் பதில் சொல்லும் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பத்தமடைப் பாயில் அது கோரையைக் கிழிக்கும் கட்டம். விலை ஏறுவது பெருமளவு அங்கேதான். அதன் அடையாளம் வீட்டுக்கு வந்த பாயிலும் அப்படியே இருக்கும் என்பது கூடுதல் வசதி.

எடுக்க வேண்டிய படமும் எளிது. ஜன்னல் வெளிச்சத்தில் முழுக் கோரைத்தண்டு ஒன்று, பக்கத்தில் அதே தண்டிலிருந்து கிழித்த இழை ஒன்று, அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம். அடுத்தது, கத்தி தண்டுக்குள் இறங்கும் அரை நிமிட வீடியோ. அந்தச் சத்தம் கேட்கட்டும், பாட்டு வேண்டாம். இடையில் ஒரு இழை அறுந்து வீணானால் அதை வெட்டி நீக்காமல் விடுவது இன்னும் நல்லது. எவ்வளவு வீணாகிறது என்பதும் விலையில் ஒரு பங்குதானே.

கீழே எழுதும் வாசகம் இப்படி இருக்கலாம்: 'இந்தப் பாயில் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இழை என்று ஸ்கேல் வைத்து எண்ணிப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கோரைப்பாயில் சட்டென்று எண்ணி முடித்துவிடுவீர்கள். இதில் கண் வலிக்கும். சாதாரணப் பாயைச் சுருட்டத்தான் முடியும். இதைத் துணிபோல மடித்து வைக்கலாம். பாய் வந்ததும் இரண்டையும் சோதித்துப் பாருங்கள்.' இதில் 'தரமான' என்ற சொல்லே இல்லை. வாங்குபவர் தன் கையாலேயே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. விசைத்தறிப் பாய்க்காரர் இந்த வரிகளைத் திருடி ஒட்டினால் மாட்டிக்கொள்வார்.

உழைப்பைக் காட்டினால் மதிப்புக் கூடும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜஸ்டின் குரூகரும் சகாக்களும் 2004-இல் ஒரே கவிதையைச் சிலரிடம் 4 மணி நேரத்தில் எழுதியதாகவும், வேறு சிலரிடம் 18 மணி நேரத்தில் எழுதியதாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். 18 என்று கேட்டவர்களுக்குக் கவிதை கூடுதலாகப் பிடித்திருந்தது. இன்னொரு சோதனையில் ஒரு பழங்காலக் கவசத்தின் படத்தைச் சிலருக்குத் தெளிவாகவும் சிலருக்கு மங்கலாகவும் காட்டினார்கள். மங்கலான படத்தைப் பார்த்தவர்களிடம்தான் உழைப்பு பற்றிய தகவல் அதிகம் வேலை செய்தது. தரத்தைக் கண்ணால் எடைபோட முடியாதபோது உழைப்பை வைத்து எடைபோடுகிறோம். கைபேசியில் பாய் பார்ப்பவர் நிலையும் இதுதான்.

மணி நேரக் கணக்கை ஊதிப் பெருக்க இது லைசென்ஸ் அல்ல. பாய் கைக்கு வந்ததும் தெளிவான படம் வந்துவிட்ட மாதிரிதான். அப்போது இழை பேசும், மணி நேரம் பேசாது.

2015-இல் வந்த மற்றோர் ஆய்வு, கையால் செய்தது என்று தெரிந்தால் மக்கள் 17 சதவீதம் வரை கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பதாகச் சொன்னது. தமக்குப் பிரியமானவர்களுக்கு வாங்கும்போது இந்த ஈர்ப்பு இன்னும் வலுவாக இருந்தது. பத்தமடைக்கு இது ரொம்பவே பொருந்தும், ஏனென்றால் அங்கே பெயர் நெய்த கல்யாணப் பாய் ஏற்கனவே வழக்கத்தில் இருக்கிறது. பெயரில் பாதி எழுத்து விழுந்த நிலையில் தறியைப் படம் எடுத்து, வாங்கியவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செலவு ஒன்றுமில்லை. அதை அவர் குடும்பக் குழுவில் போடாமல் இருப்பாரா? அடுத்த கல்யாணத்துக்கான விசாரிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஊர்பேர் தெரியாத பத்தாயிரம் பேர் பார்ப்பதைவிட அந்த ஒரு குழு மேல்.

சொல்லும் கதை வேலை செய்கிறதா என்று அறிய லைக் எண்ணிக்கையைப் பார்த்துப் பயனில்லை. வருகிற கேள்விகளைத்தான் பார்க்க வேண்டும். 'என்ன ரேட்? குறைச்சுத் தருவீங்களா?' என்றே வந்துகொண்டிருந்தால், விலைக்கான காரணம் இன்னும் போய்ச் சேரவில்லை. 'மாப்பிள்ளை பேர் நீளம், ஒரு வரியில் அடங்குமா? எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?' என்று கேட்கத் தொடங்கினால் போய்ச் சேர்ந்துவிட்டது. பாராட்டு மட்டும் வந்து கேள்வியே வரவில்லை என்றால் பார்ப்பவர்கள் வாங்கும் கூட்டமல்ல. கைத்தொழில் வீடியோக்களை ரசிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

நெய்பவரும் விற்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. நெசவு செய்யும் அம்மாவின் கையைப் படம் எடுப்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். முகம் தெரியலாமா, பெயர் போடலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வீடியோவால் விலை கூடினால் கூலி எவ்வளவு கூடும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பேசாமல் விட்டால் இரண்டாவது வீடியோவுக்கு அந்தத் தறி கிடைக்காது.

பலரும் யோசிக்காத ஆபத்து, வீடியோ நன்றாக ஓடிவிடுவது. உதாரணத்துக்கு, மாதம் மூன்று நுண்பாய் முடிக்கும் வீட்டுக்கு ஒரே வாரத்தில் நாற்பது ஆர்டர் வந்தால் ஒரு வருடத்துக்கு மேல் வேலை இருக்கும். தை மாதக் கல்யாணத்துக்குச் சொன்ன பாய் ஆடியில் போய்ச் சேரும். அவசரத்தில் தடித்த இழையைக் கலந்து நெய்தால் ஸ்கேல் வைத்து எண்ணச் சொன்ன வாசகமே எதிராகத் திரும்பும். அதனால் ஒவ்வொரு வீடியோவின் கீழும் 'இப்போது சொன்னால் இந்த மாதத்தில் கிடைக்கும்' என்று தேதியைப் போட்டுவிட வேண்டும். தறி நிறைந்ததும் முன்பணம் வாங்குவதை நிறுத்திவிட வேண்டும். காத்திருக்க முடியாதவர்களுக்கு அதே வீட்டில் நெய்யும் சாதாரணப் பாயை, சாதாரணப் பாய் என்றே சொல்லி, அதற்குரிய விலையில் கொடுக்கலாம்.