100.5-இல் வானொலி எப்படி நிற்கிறது?

அல்லிநகரத்தில் வளர்ந்தவர்களிடம் 100.5 என்ற எண்ணைச் சொன்னால் கோடை பண்பலை நினைவுக்கு வரும். பன்னிரண்டாம் வகுப்பில் அலை இயற்றிகளை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், எங்க தாத்தாவோட முள்ளு வச்ச ரேடியோல கொஞ்ச நேரத்துல ஸ்டேஷன் நகர்ந்துடுது. மாமா வண்டியில இருக்குற ரேடியோ மட்டும் நகரவே மாட்டேங்குதே, ஏன்?"

அதற்கான விடை, நம் பாடநூலின் எல்.சி. அலை இயற்றிக்கு அடுத்த படியில் இருக்கிறது. பி.எல்.எல். எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் ஃபேஸ் லாக்டு லூப், அதாவது கட்டப் பூட்டுச் சுற்று, அந்த வண்டி வானொலிக்குள் இருக்கிறது. வகுப்பில் அதை நான் விளக்கிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது நகர்கிறது? கோடைமலையிலிருந்து வரும் அலை நகர்வதில்லை. ஒவ்வொரு வானொலிப் பெட்டிக்குள்ளும் ஓர் அலை இயற்றி உண்டு. பண்பலைப் பெட்டிகளில் பொதுவாக அது நிலையத்தின் அதிர்வெண்ணைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக இயங்கும். இரண்டையும் கலக்கும்போது கிடைக்கும் 10.7 மெகாஹெர்ட்ஸ் வேறுபாட்டையே பெட்டியின் அடுத்த பகுதிகள் பெருக்கி ஒலியாக்குகின்றன. ஆகவே 100.5 கேட்க வேண்டுமென்றால் உள் அலை இயற்றி 111.2 மெகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டும்.

f = 1/(2π√LC) என்ற சமன்பாட்டை மாணவர்கள் அறிவார்கள். பெட்டி சூடாகி மின்தேக்குத்திறன் 0.2 விழுக்காடு மாறினால் அதிர்வெண் சுமார் 0.1 விழுக்காடு மாறும். சிறிய மாற்றம்தான். ஆனால் 111.2 மெகாஹெர்ட்ஸில் 0.1 விழுக்காடு என்பது ஏறக்குறைய 111 கிலோஹெர்ட்ஸ். நிலையம் கைநழுவ அது போதும். தாத்தாவின் வானொலியில் நடப்பது இதுதான்.

குவார்ட்ஸ் படிகம் இப்படி அலைவதில்லை. ஆனால் ஒரு படிகம் ஓர் அதிர்வெண்ணைத்தான் தரும். நிலையத்துக்கு ஒரு படிகம் என்று வைக்க முடியாது. எனவே ஒரே படிகத்தை அளவுகோலாக வைத்து, எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய எல்.சி. அலை இயற்றியை அதற்குக் கட்டுப்படுத்துகிறார்கள்.

எப்படி ஒப்பிடுவது என்பதுதான் இதன் உயிர்நாடி. இதற்காக இரண்டு மாணவர்களை மைதானத்தைச் சுற்றி நடக்கச் சொன்னேன். பின்னால் வருபவர் முன்னவரின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட்டு அதே வேகத்தில் நடக்க முயன்றால், சிறு வேறுபாடு தெரியாமலே போய்விடும். ஆனால் இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்த்தால் கதை வேறு. வேகத்தில் இம்மியளவு வேறுபாடு இருந்தாலும் சுற்று கூடக்கூட இடைவெளி வளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இடைவெளி மாறாமல் நிற்கிறது என்றால் இருவர் வேகமும் சரிசமம். இங்கே வேகம் என்பது அதிர்வெண், இடைவெளி என்பது கட்ட வேறுபாடு. பி.எல்.எல். ஒப்பிடுவது கட்டத்தை. அதனால்தான் பூட்டியபின் அதிர்வெண் பிழை 'குறைவாக' இருப்பதில்லை, சுழியாகவே ஆகிறது.

இனி ஒரு கணக்கு. வானொலி 98.3-இல் இருக்கிறது; உள் அலை இயற்றி 109.0 மெகாஹெர்ட்ஸ். இப்போது 100.5-க்கான பொத்தானை அழுத்துகிறோம். 7.2 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 72-ஆல் வகுத்து 100 கிலோஹெர்ட்ஸ் அளவுகோல் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொத்தான் செய்வது ஒன்றே ஒன்று: அலை இயற்றியின் அலைகளை எண்ணி வகுக்கும் சுற்றுக்கு 1112 என்ற எண்ணைத் தருகிறது. 111.2 மெகாஹெர்ட்ஸை 1112-ஆல் வகுத்தால் 100 கிலோஹெர்ட்ஸ் வரும் அல்லவா?

ஆனால் அலை இயற்றி இன்னும் 109.0-இல் இருக்கிறது. வகுத்தால் வருவது சுமார் 98 கிலோஹெர்ட்ஸ். அளவுகோலின் துடிப்பு 10 மைக்ரோவினாடிக்கு ஒன்று; இதன் துடிப்பு சுமார் 10.2 மைக்ரோவினாடிக்கு ஒன்று. ஒவ்வொரு துடிப்பிலும் 0.2 மைக்ரோவினாடி பின்தங்குகிறது. கட்ட ஒப்பீட்டுச் சுற்று, பின்தங்கிய நேரம் முழுவதும் ஒரு மின்தேக்கிக்குள் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. மின்தேக்கியின் மின்னழுத்தம் உயர்கிறது. அது பின்னோக்குச் சார்பில் உள்ள வேராக்டர் டையோடுக்குப் போகிறது. இயக்கமில்லாப் பகுதி அகலமாகி, அதன் மின்தேக்குத்திறன் குறைந்து, அலை இயற்றியின் அதிர்வெண் ஏறுகிறது. அளவுகோலைவிட முந்தினால் மின்னோட்டம் எதிர்த் திசையில் பாய்ந்து மின்னழுத்தத்தைக் குறைக்கும்.

அதிர்வெண் 111.2-ஐத் தொட்டவுடன் வேலை முடிந்ததா? இல்லை. இங்கே மாணவர்களைச் சற்று நிறுத்தி யோசிக்கச் சொல்லுங்கள். வேகம் சமமான அந்தக் கணத்திலும் இதுவரை சேர்ந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. அதை அடைக்க அலை இயற்றி 111.2-ஐத் தாண்டி ஓட வேண்டும். இடைவெளி அடைபடும்போது வேகம் கூடுதலாக இருக்கிறது, எனவே முந்திவிடுகிறது. பிறகு திரும்ப வேண்டும். வெறும் மின்தேக்கி மட்டும் இருந்தால் இந்த ஊசலாட்டம் தடையில்லாத தனி ஊசல் போல ஓயாது. மின்தேக்கியுடன் தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்தால் ஊசல் தணிகிறது. மின்னோட்டம் பாயும்போது மட்டும் மின்தடையில் எழும் மின்னழுத்தம், அலை இயற்றிக்கு உடனடியாக ஓர் உந்துதல் தந்து, இடைவெளி அடைபட்டதும் மறைந்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் நடத்தும் தடையுறு அலைவுகள் இங்கே அப்படியே பயன்படுகின்றன.

இந்த மின்தேக்கியும் மின்தடையும் சேர்ந்ததே சுற்றின் வடிகட்டி. அதை மிக வேகமாகச் செயல்பட வைத்தால் 100 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகள் கசிந்து அலை இயற்றியை நடுங்க வைக்கும். மிக மெதுவாக வைத்தால் நிலையம் மாறத் தாமதமாகும். வடிவமைப்பாளர் இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

பூட்டு விழாமலும் போகலாம். கேட்கும் அதிர்வெண்ணை வேராக்டரால் எட்ட முடியாவிட்டால் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் உச்சிக்கு ஏறியோ அடிக்கு இறங்கியோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பழுது பார்ப்பவர் பன்மானியால் முதலில் அளப்பது இந்த மின்னழுத்தத்தைத்தான். நடுவில் எங்கோ அசையாமல் நின்று, நிலையத்தை மாற்றும்போது வேறோர் அளவுக்குப் போய் மீண்டும் நின்றால், சுற்று பூட்டியிருக்கிறது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். திரையில் 100.5 என்று தெரிவதால் வானொலி கோடை பண்பலையைக் கண்டுபிடித்துவிட்டது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். சுற்று பூட்டியிருப்பது பெட்டிக்குள் இருக்கும் படிகத்தோடு. மலை மேலிருக்கும் நிலையத்தோடு அல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் மலை மறைக்கும் ஓரிடத்தில் வெறும் இரைச்சல் கேட்கும்போதும் திரை 100.5 என்றே காட்டும். பூட்டும் சரியாகவே இருக்கும்.

ஆக, சுற்றின் துல்லியம் படிகத்தின் துல்லியமே. படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையானால் 111.2 மெகாஹெர்ட்ஸும் அதே விகிதத்தில், அதாவது சுமார் 2.2 கிலோஹெர்ட்ஸ், பிழையாகும். பண்பலையில் குரலுக்கேற்ப அதிர்வெண் இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை விலகுவதால், இந்தச் சிறு பிழை காதுக்குத் தெரியாது. தாத்தாவின் வானொலியில் நேர்ந்த 111 கிலோஹெர்ட்ஸ் நகர்வையும் இந்த 2.2 கிலோஹெர்ட்ஸையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினால், அந்த மாணவி கேட்டதற்கான விடை எண்களிலேயே தெரிந்துவிடும்.