குழந்தை பிறந்த பின் கருப்பை இறுகுவது எப்படி?

பிரசவ அறையில் குழந்தை அழுததும் எல்லார் கண்ணும் குழந்தையின் மேல் போய்விடும். செவிலியரின் கை மட்டும் தாயின் அடிவயிற்றில் இருக்கும். நஞ்சுக்கொடி வெளியே வந்தபின், தொப்புளை ஒட்டிக் கருப்பை உருண்டு திரண்டு கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மெத்தென்று இருந்தால் அவர் உடனே மருத்துவரைக் கூப்பிடுவார்.

நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த ரத்தக்குழாய்களின் வாய்கள் திறந்து கிடக்கும். இத்தனை வேகத்தை ரத்தம் உறைவது மட்டும் நிறுத்திவிடாது. குழாய்களைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் தசைநார்கள் சுருங்கி அவற்றை நெரித்து மூட வேண்டும். அந்தத் தசை இறுகாமல் போவதுதான் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்கு முதன்மைக் காரணம்.

இது கை கால்களில் உள்ள எலும்புத் தசை அல்ல. குடலிலும் மூச்சுக்குழாயிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கும் மென்தசை. இரண்டிலும் மயோசின் என்ற தடித்த புரத இழை ஆக்டின் என்ற மெல்லிய இழையைப் பற்றி இழுப்பதுதான் சுருக்கம். இரண்டிலும் அதைத் தொடங்கிவைப்பது கால்சியம். பூட்டு இருக்கும் இடம்தான் வேறு. எலும்புத் தசையில் ஆக்டின் இழை பூட்டிக் கிடக்கிறது. கால்சியம் அதன்மேலுள்ள ட்ரோபோனின் புரதத்தில் ஒட்டியதும் பூட்டு திறந்து, கணத்தில் தசை சுண்டி இழுக்கும். மென்தசையில் ட்ரோபோனின் கிடையாது. அங்கே பூட்டு மயோசினில் இருக்கிறது.

செல்லுக்குள் கால்சியம் பெருகும்போது, அதன் நான்கு அயனிகள் கால்மோடுலின் என்ற சிறு புரதத்தில் ஒட்டுகின்றன. வடிவம் மாறிய கால்மோடுலின் ஒரு நொதியை முடுக்குகிறது. அந்த நொதி மயோசினில் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்திய பிறகுதான் மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கத் தொடங்கும். பாஸ்பேட்டைக் கழற்ற வேறொரு நொதி உண்டு. அதன் கை ஓங்கினால் தசை தளரும். இத்தனை படிகள் இருப்பதால் மென்தசை மெதுவாகத்தான் சுருங்கும். ஆனால் சுருங்கிய பிடியை மிகக் குறைந்த ஆற்றலில் நெடுநேரம் விடாமல் வைத்திருக்கும். ரத்தக்குழாயை மூடிவைக்க இந்தக் குணம்தான் வேண்டும்.

எலும்புத் தசை நரம்பின் கட்டளையின்றி அசையாது. முதுகுத்தண்டு அடிபட்டால் கால் செயலிழப்பது அதனால்தான். அதே பெண் கருவுற்றால் கருப்பை தானாகவே சுருங்கிப் பிரசவ வலி தொடங்கும். அங்கே தசைச் செல்கள் தமக்குள் மின்தொடர்பு கொண்டவை. ஹார்மோன்களே அவற்றை ஆள்கின்றன. அவற்றில் முதன்மையானது ஆக்ஸிடோசின். அது செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டி உள்ளே கால்சியத்தைப் பெருக்குகிறது. நரம்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. குழந்தை மார்பில் சப்பும்போது அந்தச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போய், பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசினை விடுகிறது. பால் கொடுக்கையில் அடிவயிறு சுருட்டிப் பிடிப்பதாகத் தாய்மார் சொல்வது இதைத்தான்.

குழந்தை பிறந்தவுடன் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது இன்று வழக்கம். வலி வர வேண்டும் என்று பல மணி நேரம் அதே மருந்தை டிரிப்பில் ஏற்றியிருந்தால் ஏற்பிகள் மரத்துப்போகலாம். அப்போது ஊசிக்குக் கருப்பை சரியாக மசியாது. வயிற்றின் மேலிருந்து கருப்பையைத் தேய்த்துவிட்டபடியே மருத்துவர் வேறு மருந்துக்குப் போவார். மெத்தில்எர்கோமெட்ரின் கருப்பையை நன்றாக இறுக்கும். ரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசையையும் சேர்த்து இறுக்கும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கார்போப்ரோஸ்ட் மூச்சுக்குழாயின் மென்தசையையும் சுருக்குவதால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடலாம்.

எல்லா உறுப்பிலும் மென்தசையின் உள்வேலை ஒன்றுதான்; வெளியே உள்ள ஏற்பிகள்தான் மாறுகின்றன. அட்ரினலின் ஒரே ஹார்மோன் என்றாலும், தோலின் ரத்தக்குழாயை இறுக்கும், மூச்சுக்குழாயைத் தளர்த்தும்.

ஆஸ்துமாவோ ரத்த அழுத்தமோ இருந்தால், இப்போது தொந்தரவு இல்லை என்றாலும், பிரசவத்துக்குச் சேரும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தப்போக்கு தொடங்கிய பிறகு அதைக் கேட்டு அறிய அவருக்கு நேரம் இருக்காது.