பழி இறங்குவதில்லை, கடன் இறங்குகிறது

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளின் கட்டளையினால் தமது மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களின் தொகை ஏறத்தாழ 75,000 எனக் கணிக்கப்படுகின்றது. யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம் மட்டுமே. வன்னியில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலிய முல்லைத்தீவுக் கிராமங்களின் முஸ்லிம்களும் நெல்வயலையும் கால்நடையையும் வீட்டையும் விட்டுச் சென்றனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளாயினர்.

அந்த ஆண்டுக்குப் பின்னர் வன்னியில் பிறந்த பிள்ளைகளில் மூத்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டனர். அவர்கள் எவரையும் விரட்டியவர்கள் அல்லர். அவர்களிற் பலர் 2009இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்து, வவுனியா மெனிக் பாம் முகாமில் முட்கம்பி வேலிக்குள் அடைபட்டவர்கள். “எங்கள் பெற்றோர் காலத்தில், எங்களைக் கேளாமல் நடந்ததற்கு நாங்கள் ஏன் ஈடு செய்ய வேண்டும்?” என்று அவர்கள் கேட்டால், அக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று பழி, மற்றது கடன். இரண்டாவது உலகப் போருக்குப் பின் ஜேர்மனியில் இதே கேள்வி எழுந்தபோது, 1946இல் மெய்யியலாளர் கார்ல் யஸ்பர்ஸ் குற்றத்தை நான்கு வகையாகப் பிரித்தார். சட்டத்தை மீறிய குற்றமும் மனச்சாட்சிக்கு எதிரான குற்றமும் அவற்றைச் செய்த தனி மனிதரைச் சேர்வன. ஓர் அரசின் பெயரால் நிகழ்ந்தவற்றின் விளைவைச் சுமக்கும் பொறுப்போ அதன் குடிமக்கள் அனைவரையும் சேர்வது. சக மனிதனுக்கு இழைக்கப்படும் கொடுமையின் முன் மனித குலம் முழுவதும் உணரவேண்டியது நான்காவது. ஒரு மக்கட்கூட்டம் முழுவதையும் குற்றவாளியாக்குவது தவறு என்பதையும், அதனால் பொறுப்பு இல்லாமற் போய்விடாது என்பதையும் அவர் ஒன்றாகவே வலியுறுத்தினார். 1952இல் மேற்கு ஜேர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் வழங்க உடன்பட்டபோது, அதனைச் செலுத்திய வரிப்பணத்தில் நாஜிகளை எதிர்த்தவர்களின் பணமும் இருந்தது. அவர்கள் குற்றவாளிகளாக அதனைச் செலுத்தவில்லை. ஒரு நாட்டின் சொத்தையும் பெயரையும் ஏற்றுக்கொண்டவர்களாகவே செலுத்தினர்.

நமது வழமையும் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, பெற்றோர் விட்டுச் சென்ற கடனைப் புதல்வர்கள் தீர்க்க வேண்டுமென்கின்றது. உடனடியாகத் தீர்க்க வசதியில்லாவிடினும் அப்பொறுப்பு அவர்களை விட்டு நீங்காது என்றும் சொல்கின்றது. இதனை ஒரு கடுமையான வழக்கம் என்று தொகுத்தவரே குறித்துள்ளார். ஆனால் அந்தக் கடுமை கடனைப் பற்றியது. கடன்பட்ட தகப்பனின் மகன் கடன்காரன் ஆவான். களவு செய்த தகப்பனின் மகன் கள்வன் ஆகமாட்டான். எனினும் களவாடிய பொருள் வீட்டிலிருந்தால், அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவன் அந்த மகனே.

வன்னியில் அந்தப் ‘பொருள்’ பெரும்பாலும் காணி. அதன் சிக்கலை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் விவசாயிக்குக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயலுக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. 1990இல் ஐந்து பிள்ளைகளுடன் அவர் வெளியேறினார். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் அந்த வயலில் குடியேறிக் காடு வெட்டி, கிணறு தோண்டிப் பயிர் செய்தது. விவசாயி காலமானார். பிள்ளைகள் ஐவரும் இன்று ஐந்து குடும்பங்கள்.

இங்கே சட்டம் இரு வழியில் பாதிக்கப்பட்டவருக்கு எதிராகத் திரும்புகின்றது. அனுமதிப்பத்திரக் காணியில் குடியிருந்து பயிர் செய்யவேண்டும் என்பது நிபந்தனை. துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டவரும் பதிவேட்டில் காணியைக் கைவிட்டவராகவே தோற்றமளிப்பார். காணி உறுதியுள்ள தனியார் காணியாயின், எதிர்ப்பின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டவர் உரிமை கோரலாம். போர்க்காலத்தில் வழக்கிட முடியாதிருந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அந்தக் காலக் கணக்கில் விலக்களித்தது. ஆனால் அது குறுகிய கால அவகாசத்துக்கான வாயிலாகவே இருந்தது. வழக்காடும் பணமும் பத்திரங்களும் இல்லாத ஏழைக்கு அவ்வாயில் திறந்தும் திறவாதது போன்றதே.

வயலில் இருக்கும் தமிழ்க் குடும்பமும் குற்றம் செய்ததில்லை. அதுவும் இடம்பெயர்ந்த குடும்பமே. ஆகவே நீதியான தீர்வு அவர்களைத் தெருவில் விடுவதாக இருக்க முடியாது. உரிமை முதலில் பழைய குடும்பத்துக்கு உறுதிப்படுத்தப்பட வேண்டும். கிணற்றுக்கும் திருத்திய நிலத்துக்கும் உரிய பெறுமதியும் மாற்றுக் காணியும் தமிழ்க் குடும்பத்துக்கு வழங்கப்பட வேண்டும். அந்தச் செலவு அரசினது. தன் குடிமக்களைப் பாதுகாக்கத் தவறியதும், காணிப் பதிவேட்டை வைத்திருப்பதும் அரசே. தமிழ்க் குடும்பத்தின் கடன், உரிமையை மறுக்காமல் ஒப்புக்கொள்வதோடு நிற்கின்றது.

மிகுதியாக இருப்பது ஐந்து குடும்பங்களின் பிரச்சினை. இரண்டு ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தாலும் ஐந்து வீடுகளுக்கு இடம் போதாது. புதிய காணி கேட்கும்போது அது ‘மீள்குடியேற்றமா, குடியேற்றமா’ என்ற சந்தேகம் எழுகின்றது. கூழாமுறிப்பில் காட்டு நிலத்தை ஒதுக்குவது தொடர்பாக 2017இல் எழுந்த எதிர்ப்பு இதற்குச் சான்று. அரச ஆதரவுக் குடியேற்றங்களால் நிலமிழந்த அனுபவமுள்ள முல்லைத்தீவு மக்களின் அச்சம் பொய்யானதன்று. ஆனால் 1990இல் ஊரில் இருந்த குடும்பத்தின் வழித்தோன்றல்கள் வெளியார் அல்லர். விரட்டப்படாதிருந்தால் அவர்கள் இங்கேயே பெருகியிருப்பர். 1990ஆம் ஆண்டுக் குடும்பப் பட்டியலைப் பிரதேச செயலகத்தில் பகிரங்கமாக வைத்து, அதிலிருந்து கிளைத்த குடும்பங்களைக் கணக்கிட்டால், உரியவர் யார், வெளியார் யார் என்பது தெளிவாகும். அமைச்சர்களின் செல்வாக்கினால் மூடிய அறையில் காணி பங்கிடப்படும்போதுதான் நியாயமான உரிமையும் சந்தேகத்துக்கு உள்ளாகின்றது.

சொல்லால் மட்டும் இக்கடன் தீராது என்பதற்குக் கிளிநொச்சியே சாட்சி. 2002 ஏப்ரலில் அங்கு நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், வெளியேற்றம் ஒரு தவறென அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். சில நாட்களில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் முஸ்லிம்கள் திரும்புவது குறித்து உடன்பாடு கண்டனர். ஆனால் காணிகளும் வீடுகளும் உரியவரிடம் சேருமுன் போர் மீண்டும் மூண்டது. தவறிழைத்த இயக்கம் இன்றில்லை. ஆயினும் அது எந்த மக்களின் பெயரால் பேசியதோ அந்த மக்கள் இருக்கின்றனர். அவர்களின் பிரதிநிதிகளும் பிரதேச சபைகளும் இருக்கின்றன.

1958, 1977, 1983, 2009 ஆகிய ஆண்டுகளின் கொடுமைகளுக்கு இன்றைய அரசிடம் நாம் நீதி கேட்கின்றோம். இன்றைய சிங்கள இளைஞனைக் கொலைகாரன் என்று நாம் கூறவில்லை. அவனது அரசு பழைய அரசின் வாரிசு என்பதால் அதன் கடனைத் தீர்க்கவேண்டும் என்கின்றோம். அந்த வாதம் வலுவானது. அது வலுவானதாக நீடிக்கவேண்டுமாயின், தண்ணீரூற்றின் வயலுக்கும் அதே அளவுகோலைப் பிடிக்க நாம் தயங்கக் கூடாது.