உங்கள் சர்க்கரை மெஷின் சொல்வது சரிதானா?



இன்றைக்கு நமது தோட்டத்து வீடுகள் பலவற்றில் இனிப்புநீர் பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. விரலில் ஊசி குத்தி, பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால், சில நொடியில் எண் வந்துவிடும். ஆனால் கிளினிக்கில் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடம் சொல்லும் எண் வேறாக இருக்கும். உடனே, "மெஷினு பொய் சொல்லுது" என்பார் ஒருவர். "ஆஸ்பத்திரியில தப்பாப் பாத்துட்டாங்க" என்பார் இன்னொருவர்.

இரண்டுமே அவசரப் பேச்சு. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எவரும் உறுதி கொடுக்கவில்லை. எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதற்கு உலகத் தர அமைப்பு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்று நீங்களே பேனாவும் தாளும் வைத்துப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புக் கணக்கே போதும்.

வரம்பு என்ன?

2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 15197 என்ற தர விதி இப்படிச் சொல்கிறது. ஆய்வுக்கூட எண் 5.55 அல்லது அதற்கு மேல் இருந்தால், மெஷின் எண் அதிலிருந்து 15 விழுக்காடு கூடலாம் அல்லது குறையலாம். 5.55க்குக் கீழே இருந்தால் விழுக்காடு பார்ப்பதில்லை, 0.83 கூடலாம் அல்லது குறையலாம். நூறு சோதனையில் குறைந்தது 95 இந்த வரம்புக்குள் வரவேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் mmol/L என்ற அளவில் உள்ளவை. மலேசியாவில் கிளினிக்கும் மெஷினும் இந்த அளவில்தான் பேசும். இந்தியாவுக்குப் போய்வந்த உறவுக்காரர் வாங்கிவந்த மெஷின் mg/dL என்று காட்டும். அதில் 144 என்று வந்தால் பயப்படவேண்டாம். 18ஆல் வகுத்தால் 8.0 என்று நம்ம ஊர்க் கணக்குக்கு வந்துவிடும். கணக்குப் போடுமுன் இரண்டு எண்ணும் ஒரே அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கணக்குப் போடும் முறை

குளுவாங் பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டும் தோழர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பசியாறாமல் கிளினிக்குக்குப் போகிறார். ஆய்வுக்கூடம் சொன்ன எண் 8.0. அதே நேரத்தில் தன் மெஷினில் பார்த்தது 9.3.

முதலில், ஆய்வுக்கூட எண்ணில் பத்தில் ஒரு பங்கு எடுங்கள். 8.0இல் அது 0.8. அதில் பாதி 0.4. இரண்டையும் கூட்டினால் 1.2. இதுதான் 15 விழுக்காடு. அடுத்து, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழியுங்கள். 9.3இலிருந்து 8.0 போனால் 1.3. மெஷின் கூட்டிக் காட்டியதா, குறைத்துக் காட்டியதா என்பது இந்த இடத்தில் முக்கியமில்லை. இடைவெளி எவ்வளவு என்பதே கேள்வி. 1.3 என்பது 1.2ஐ விடப் பெரிது. ஆகவே மெஷின் வரம்பைத் தாண்டிவிட்டது.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். 15 விழுக்காட்டை மெஷின் எண்ணில் எடுத்துவிடுகிறார்கள். 9.3இல் 15 விழுக்காடு ஏறக்குறைய 1.4. இடைவெளி 1.3தானே, "அப்போ சரிதான்" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது தப்பு. எதைச் சோதிக்கிறோமோ, அதையே அளவுகோலாக வைக்கக்கூடாது. கடைக்காரரின் தராசைச் சோதிக்க முத்திரை குத்திய படிக்கல்லைத்தானே வைப்போம்? இங்கே ஆய்வுக்கூட எண்தான் படிக்கல். விழுக்காடு எப்போதும் அதிலிருந்துதான். கூடுதலாகக் காட்டும் மெஷினுக்கு இந்தத் தப்புக் கணக்கு சாதகமாகப் போய்விடும். இல்லாத சர்க்கரைக்கு மருந்து கூடினால், வேலைக்காட்டில் மயங்கி விழுவது அந்தத் தோழர்தான்.

குறைந்த எண்ணுக்கு ஏன் வேறு விதி?

ஆய்வுக்கூடம் 4.0, மெஷின் 4.7 என்று வந்தால் என்ன? விழுக்காடு பார்த்தால் 4.0இல் 15 என்பது 0.6, இடைவெளி 0.7. தாண்டிவிட்டதே என்று தோன்றும். ஆனால் 4.0 என்பது 5.55க்குக் கீழே. ஆகவே 0.83தான் வரம்பு. 0.7 அதற்குள் அடங்குகிறது. மெஷின் தேறிவிட்டது.

எண் சிறுத்தால் விழுக்காட்டு வரம்பும் சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் ஒரு சொட்டு ரத்தத்தில் அளக்கும் பட்டையின் சிறு தடுமாற்றம் அதே வேகத்தில் சிறுப்பதில்லை. அதனால் கீழே நிலையான ஓர் எண் வைத்தார்கள். 5.55இல் 15 விழுக்காடு போட்டுப் பாருங்கள், 0.83 தான் வரும். இரண்டு விதியும் அந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, மனத்தில் வையுங்கள். உண்மையில் உங்கள் சர்க்கரை 3.5ஆக இறங்கியிருக்கும்போது மெஷின் 4.3 என்று காட்டலாம். தர விதிப்படி அது நல்ல மெஷின்தான். ஆனால் 3.5 என்பது ஆபத்தான இறக்கம். கை நடுங்கினால், வேர்த்துக் கொட்டினால், நெஞ்சு படபடத்தால், "மெஷின்ல நாலுக்கு மேல இருக்கே" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஆள் மயங்கி, விழுங்க முடியாத நிலையில் இருந்தால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒப்பிடும் முறை சரியாக இருக்கவேண்டும்

நேற்று வீட்டில் பார்த்த எண்ணையும் இன்று கிளினிக் எண்ணையும் ஒப்பிடுவதில் பயனில்லை. சர்க்கரை மணிக்கு மணி மாறும். ரத்தம் எடுக்கும் நாளில் மெஷினைக் கையோடு கொண்டுபோங்கள். தாதி கையில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் விரலில் குத்திப் பாருங்கள். வெறும் வயிறாக இருக்கவேண்டும். சாப்பிட்டபின் விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை, கை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அது மெஷினின் குற்றம் அல்ல.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். வாழைப்பழமோ பலாச்சுளையோ உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு, அந்தச் சின்னச் சொட்டில் கலந்தால் எண் எங்கேயோ போய்விடும்.

ஆய்வுக்கூட எண்ணும் சில வேளை இறங்கிப்போகும். குழாயில் எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் சும்மா கிடந்தால், அதிலுள்ள ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம். உட்புறத் தோட்டத்து கிளினிக்கிலிருந்து பட்டணத்துக்கு ரத்தம் போக இரண்டு மூன்று மணி நேரம் ஆனால், நமது 15 விழுக்காடு அந்தப் பயணத்திலேயே கரைந்துவிடும். இதற்காகத்தான் சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் மருந்து போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மருந்தும் போட்ட உடனே முழுவதாகத் தடுத்துவிடாது. ஆகவே மெஷின் எண் கூடுதலாக இருந்தால், ரத்தத்தை எப்போது பார்த்தார்கள் என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கதி. ரத்தத்தில் சிவப்பணு குறைந்திருந்தால் பல மெஷின்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். வெயிலில் நீர் வற்றி ரத்தம் கெட்டியானால் குறைத்துக் காட்டும். ரத்தசோகை இருப்பது தெரிந்தால் டாக்டரிடம் மெஷின் எண்ணைக் காட்டும்போது அதையும் சொல்லுங்கள்.

ஒருமுறை தாண்டினால் தூக்கிப் போடவேண்டுமா?

வேண்டாம். நூற்றில் 95 என்றுதானே விதி? மீதி ஐந்து தாண்டலாம். நமது குளுவாங் தோழர் அடுத்த முறையும் பார்க்கிறார். ஆய்வுக்கூடம் 7.6, மெஷின் 8.9. பத்தில் ஒன்று 0.76, அதில் பாதி 0.38, கூட்டினால் 1.14. இடைவெளி 1.3. மறுபடி தாண்டியது, அதுவும் அதே மேல் பக்கமாக. இப்போதுதான் சந்தேகப்படவேண்டும்.

முதலில் பட்டைப் புட்டியைப் பாருங்கள். ஜொகூரின் ஈரக்காற்று பட்டைக்கு எதிரி. மூடி திறந்தே கிடந்தாலும், தகரக் கூரை வெக்கையில் அடுப்பங்கரைப் பக்கம் வைத்திருந்தாலும், தேதி கடந்திருந்தாலும் பட்டை கெட்டுப்போய் எண் கூடவோ குறையவோ செய்யும். தோழர் புதுப் புட்டி வாங்கிப் பார்க்கிறார். ஆய்வுக்கூடம் 7.8, மெஷின் 8.4. வரம்பு 1.17, இடைவெளி 0.6. சரியாகிவிட்டது! புதுப் பட்டையிலும் தாண்டினால் மெஷினையே மாற்றவேண்டியதுதான். மெஷின் விற்பவரிடம் சோதனைத் திரவம் கிடைக்கும். ரத்தத்துக்குப் பதில் அதில் ஒரு சொட்டு வைத்தால், வரவேண்டிய எண் எதிலிருந்து எதுவரை என்று புட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

ஒன்று செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு மெஷினோடு உங்கள் மெஷினை ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். உண்மை எண் 8.0 என்றால், ஒரு மெஷின் 6.8 காட்டலாம், மற்றது 9.2 காட்டலாம். இரண்டுமே வரம்புக்குள்தான். இரண்டு மெஷினை வைத்துக்கொண்டு எது சரி என்று சொல்ல எவராலும் முடியாது.

இன்னொன்று. மெஷின் வரம்புக்குள் இருப்பது வேறு, உங்கள் சர்க்கரை வரம்புக்குள் இருப்பது வேறு. மெஷின் சரியாக இருந்துகொண்டே உங்கள் சர்க்கரை 12 என்று காட்டலாம். அப்போது திருத்தவேண்டியது மெஷினை அல்ல. அதே போல், மெஷின் எண்ணைப் பார்த்து மாத்திரையையோ ஊசி மருந்தையோ நீங்களாகக் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். தேதி, மெஷின் எண், ஆய்வுக்கூட எண், இடைவெளி, வரம்பு என்று ஐந்து கட்டம் போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடுத்த முறை டாக்டர் முன் வையுங்கள். "மெஷினு கூட்டிக் காட்டுது" என்று வாயால் சொல்வதைவிட, இரண்டு முறையும் 1.3 கூடியது என்று காட்டினால் அவர் செய்யவேண்டியதை உடனே செய்வார்.