ஒரு ஹால், ஒரு கயிறு, முப்பத்தைந்து பிள்ளைகள்

நம் ஊர்ப் பள்ளி ஹால்களில் பேட்மின்டன் பீரியட் எப்படி நடக்கும் என்பது தெரிந்ததுதான். நடுவில் ஒரு கோர்ட், அதில் நான்கு பேர். மற்றவர்கள் சுவரில் சாய்ந்தபடி, "சார், அடுத்தது நாங்க சார்" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். 35 பேர் உள்ள வகுப்பில் 40 நிமிடத்தையும் சமமாகப் பங்கிட்டாலும் ஒருவருக்குக் கிடைப்பது நாலரை நிமிடம். அந்த நாலரை நிமிடத்திலும் ஓங்கி வீசி, தவறவிட்டு, ஷட்டிலைப் பொறுக்கப் போவதில்தான் பாதி கழியும்.

ஹால் சின்னது, பிள்ளைகள் அதிகம் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். ஹாலைப் பயன்படுத்தும் விதத்திலும் கோளாறு இருக்கிறது. முழு கோர்ட் 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 1.98 மீட்டர் தள்ளி ஷார்ட் சர்வீஸ் கோடு. புதிதாக மட்டை பிடிக்கும் பதினோரு வயதுப் பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் அந்தக் கோட்டை ஒட்டிய இடமே போதும். பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு உயர அடிக்கும் பலம் அந்தக் கைக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும், தலைக்கு மேல் மட்டையைச் சுழற்றும் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையை நிறுத்த முடியாது. ஆகவே நெரிசலான ஹாலுக்குத் திட்டம் போடும்போது முதலில் வெட்ட வேண்டியது தலைக்கு மேல் அடிக்கும் எல்லா அடிகளையும்தான். ஸ்மாஷ் இல்லாமல் பேட்மின்டனா என்று பிள்ளைகள் முணுமுணுக்கட்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 16 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள ஹால், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 35 பேர். வலையை மடித்து வைத்துவிட்டு, ஹாலின் நீளவாக்கில் ஒரு முனை ஜன்னல் கம்பியிலிருந்து மறுமுனை வரை கயிறு கட்டுங்கள். போட்டி வலையின் உயரம் கம்பத்தருகே 1.55 மீட்டர். இந்த வயதுக்கு அது முகத்தை மறைக்கும். 1.40 போதும். கயிறு கண்ணில் பட, முழத்துக்கு ஒரு துணித்துண்டு முடியலாம். இரு முனையிலும் ஒரு மீட்டர் விட்டால் நடுவில் 14 மீட்டர். இரண்டு மீட்டருக்கு ஒரு சந்து என்று சாக்பீஸால் பிரித்தால் ஏழு சந்துகள், சந்துக்கு ஐந்து பேர்.

கயிற்றுக்கு ஒவ்வொரு பக்கமும் நாலரை மீட்டர் ஆழம் இருக்கும். கயிற்றிலிருந்து இரண்டரை மீட்டரில் இன்னொரு கோடு போடுங்கள். கோட்டுக்கு முன்னால் ஆட்டம். பின்னால் சுவர் வரை உள்ள இரண்டு மீட்டர், மட்டை இல்லாமல் கால் பழகும் இடம். பக்கத்துக்கு ஒருவராக இருவர் ஆடுவார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொருவர் கால் பழகுவார்கள், ஐந்தாவது ஆள் சுவரோரம் நின்று எண்ணிக்கை பார்ப்பார், உதிரி ஷட்டிலை எடுத்துத் தருவார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாற்றம். பத்து நிமிடத்தில் ஒரு சுற்று முடியும்போது ஒவ்வொருவரும் நான்கு நிமிடம் ஆடி, நான்கு நிமிடம் கால் பழகியிருப்பார்கள். பீரியடில் இரண்டு சுற்று ஓட்டலாம். மட்டை 14 போதும், 35 வேண்டாம்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே விதியில் நிற்கிறது: இரண்டரை மீட்டர் கோட்டைத் தாண்டிப் போன ஷட்டில் செத்த ஷட்டில். துரத்தக் கூடாது. இதை முதல் நாளே கறாராகச் சொல்லாவிட்டால், பின்னால் ஓடும் பிள்ளையின் மட்டை கால் பழகும் பிள்ளையின் நெற்றியில் போய் நிற்கும்.

இனி எட்டு பீரியடுக்கான பாடம். முதலில் பிடி. புதிதாக மட்டையை வாங்கும் பத்துப் பேரில் பெரும்பாலோர் தோசைக்கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் எதிரே வரும் ஷட்டிலைத் தொடுவது சுலபம், அதனால்தான் அந்தப் பழக்கம் விடாது. பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லாரையும் மட்டையை முன்னால் நீட்டச் சொல்லுங்கள். நரம்புப் பரப்பு தரையைப் பார்த்துப் படுத்திருந்தால் பிடி தவறு. மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்க, நரம்பு பக்கவாட்டில் நிமிர்ந்து நின்றால் சரி. அப்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கைப்பிடியின் மேல் ஒரு 'வி' வடிவம் காட்டும்.

புறங்கை அடிக்கு மட்டையை விரல்களுக்குள் லேசாக உருட்டி, கட்டைவிரலைக் கைப்பிடியின் அகலமான பட்டையில் பதிக்க வேண்டும். இரண்டு பிடிக்கும் பொதுவானது தளர்வு. ஆசிரியர் நடந்துகொண்டே மட்டையின் தலையைப் பிடித்து மெல்ல இழுத்தால், அது கையிலிருந்து நழுவி வர வேண்டும். வராமல் பிள்ளையின் தோளும் கூடவே வந்தால் இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். முதல் பீரியடில் ஷட்டிலை மட்டையில் தட்டித் தட்டி மேலே எழுப்பட்டும், ஒரு தட்டு உள்ளங்கைப் பக்கம், ஒரு தட்டு புறங்கைப் பக்கம். பிடி மாறினால்தான் இது வரும்.

அன்றைக்குச் சரியாகிவிட்டது என்று நம்பிவிட வேண்டாம். ஆட்டம் தொடங்கியதும் கரண்டிப் பிடி திரும்பி வந்துவிடும். ஆட்டத்தின் நடுவே திடீரென்று விசில் ஊதி, "அப்படியே நில்லு, கையைப் பாரு" என்று சொல்வது பத்து நிமிட விளக்கத்தைவிட வேலை செய்யும். பீரியடுக்கு மூன்று நான்கு முறை போதும்.

அடுத்தது கால். ஷட்டில் இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு நகர்வதைத்தான் ஷேடோ ஃபுட்வொர்க் என்கிறார்கள். முழு கோர்ட்டில் ஆறு மூலை. நமக்கு இடமிருப்பது முன் மூலை இரண்டுக்குத்தான். 16-க்கு 9 மீட்டர் ஹாலை 35 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டுக்கு இரண்டு மீட்டர் வரும். பீரியடின் முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் வரிசையாக, ஒரே சுவரைப் பார்த்து நிற்கட்டும். ஆசிரியர் கை தட்டியதும் கால்களை அகட்டி ஒரு சின்னத் துள்ளல், பிறகு "வலது" என்றால் வலது முன் மூலைக்கு ஓர் எட்டு வைத்து ஊன்றிவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லாரும் ஒரே பக்கம் ஒரே நேரத்தில் நகர்வதால் யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள். கால் தானாக வரும்வரை மட்டை வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஊன்றும் கால். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு எந்த மூலையானாலும் கடைசியாக ஊன்றுவது வலது கால். குதிகால் முதலில் படியணும், பாதத்தின் விரல்கள் போகும் திசையைப் பார்க்கணும், முழங்கால் பாதத்துக்கு நேராக மடியணும், உள்பக்கம் சாயக் கூடாது. கண்ணால் 35 பேரையும் பார்க்க முடியாது. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: மொத்தப் பாதத்தையும் தொப்பென்று போடுகிறவர் எந்த வரிசையில் இருக்கிறார் என்று சத்தமே சொல்லிவிடும். பதினைந்து விநாடி நகர்வு, அதே அளவு ஓய்வு. அதற்கு மேல் போனால் களைப்பில் கால் இழுபடத் தொடங்கி, தவறான அசைவே பழகிவிடும். மொசைக் தரையில் சாக்ஸோடு யாரையும் விடாதீர்கள், முழங்கால் பிசகும்.

மூன்றாம், நான்காம் பீரியடில் சர்வீஸ். தொடக்கத்துக்குப் புறங்கை ஷார்ட் சர்வீஸையே நான் தேர்ந்தெடுப்பேன். வீச்சு சின்னது, இரண்டு மீட்டர் சந்துக்குள் அடங்கும். இடது கையின் இரு விரலால் ஷட்டிலின் இறகு நுனியைப் பிடித்து, வயிற்றுக்கு முன்னால் நீட்ட வேண்டும். மட்டையின் நரம்பு ஷட்டிலின் தக்கைக்கு ஒரு சாண் பின்னால் காத்திருக்கும். கட்டைவிரலால் மட்டையை முன்னே தள்ள, அதே நேரம் ஷட்டிலை விட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஷட்டிலை மேலே தூக்கிப் போட்டு வீசி, காற்றைத்தான் அடிப்பார்கள். அவர்களை நரம்பை ஏறக்குறைய தக்கையில் முட்டும்படி வைத்துத் தள்ளச் சொன்னால் அன்றே சரியாகும்.

விதி என்று சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: இரண்டு பாதமும் தரையில் அசையாமல் இருக்கணும், கோட்டை மிதிக்கக் கூடாது, முதலில் தக்கையில்தான் படணும், மட்டை நிற்காமல் முன்னே போகணும். அடிபடும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் உலக விதி உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு 1.15 மீட்டர் என்பது தோள் உயரம், விதிப்படி அங்கிருந்தே அடிக்கலாம்! இருந்தாலும் இடுப்பு உயரத்தில் பழக்குங்கள், வளர்ந்த பிறகு மாற்ற வேண்டியிருக்காது.

சர்வீஸ் நன்றாக வருகிறதா என்று தெரிந்துகொள்ள முதல் கயிற்றுக்கு 40 சென்டிமீட்டர் மேலே இரண்டாவது கயிறு கட்டுங்கள். ஷட்டில் இரண்டுக்கும் நடுவே போய், எதிர்ப்பக்கம் இரண்டு மீட்டருக்கும் இரண்டரை மீட்டருக்கும் இடையில் விழணும். பறக்கும் பாதையின் உச்சி அடித்தவர் பக்கமே இருந்தால் நல்ல சர்வீஸ். கயிற்றைத் தாண்டிய பிறகும் ஏறிக்கொண்டிருந்தால் எதிராளிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஐந்து கிராம் எடையுள்ள ஷட்டிலை அது எங்கேயோ கொண்டு போய்விடும், பிள்ளை தன் கைதான் தவறு என்று நினைத்துக்கொள்ளும்.

ஐந்தாம் பீரியடிலிருந்து குட்டி ரேலி. ஆரம்பத்தில் எதிரிகள் கிடையாது, இருவரும் கூட்டாளிகள்: கீழே விழாமல் எத்தனை முறை என்று ஐந்தாவது ஆள் எண்ணுவார். ஆறில் திணறும் ஜோடியும் இருக்கும், இருபதைத் தொடும் ஜோடியும் இருக்கும். தொடர்ந்து இருமுறை பத்தைத் தொட்டவர்கள் மட்டும் போட்டிக்குப் போகலாம், ஏழு புள்ளி ஆட்டம். போட்டி என்றதும் வேகமாக அடிக்கத் தொடங்குவார்கள். இரண்டாவது கயிற்றுக்கு மேல் போனால் புள்ளி எதிராளிக்கு என்று வைத்தால் வேகம் தானே அடங்கும், மட்டையும் தோளுக்குக் கீழே நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றின் ஒரு பக்கத்தார் ஒரு சந்து நகர வேண்டும். இல்லையென்றால் கெட்டிக்காரர்கள் கெட்டிக்காரர்களோடே ஆடுவார்கள், தடுமாறுகிறவர்கள் தடுமாறுகிறவர்களோடே நிற்பார்கள்.

இதற்கு எல்லை உண்டு. குறுக்குச் சர்வீஸ், பின்கோட்டுக்கு நகர்வது, உயர அடிப்பது எதுவும் இதில் வராது. அவற்றுக்கு உண்மையான கோர்ட்டும், ஒரு நேரத்தில் ஆறேழு பேருக்கு மேல் இல்லாத ஏற்பாடும் வேண்டும். உலக பேட்மின்டன் கூட்டமைப்பு பள்ளிகளுக்காக வகுத்த 'ஷட்டில் டைம்' திட்டத்தில் 22 பாடங்கள் இருக்கின்றன, முதல் பத்து அறிமுகப் பாடங்கள். அடுத்த கட்டத்துக்கு அவற்றைப் பார்க்கலாம்.

எட்டாம் பீரியடில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்றைப் பாருங்கள்: பத்து சர்வீஸில் எத்தனை பட்டைக்குள் விழுந்தது, ரேலியின் நடுவே விசில் ஊதியபோது பிடி எப்படி இருந்தது, முன் மூலைக்குப் போய் ஊன்றிய கால் எது. சர்வீஸில் ஐந்துக்குக் கீழே எடுத்தவர்களுக்கு ஒன்பதாம் பீரியடிலும் கயிறுதான். மற்றவர்களுக்கு அன்று வலையை விரித்துக் கட்டலாம்.