மூன்று குழாயா, மூன்று சாறா?

முருங்கை இலையில் ஃபீனால் சேர்மங்கள் எவ்வளவு என்று அளப்பது நம் கல்லூரி ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் வேலை. முதுகலை மாணவி ஒருவர் அதைச் செய்து முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கையில் தேதி வாரியாக எழுதிய குறிப்பேடு இருக்கிறது. இனி ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியை எழுத வேண்டும். எல்லாம் இறந்த காலத்தில், 'எடுக்கப்பட்டது, கலக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வினையில். பலர் இதை ஒரு மாலை வேலை என்றே நினைக்கிறார்கள். 'எடுத்தேன்' என்பதை 'எடுக்கப்பட்டது' என்று மாற்றினால் முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. மாணவர்களின் ஆய்வேடுகளை வாசிக்கும் எனக்கு, பிழைகள் நுழையும் இடமே இந்த மாற்றம்தான் என்று படுகிறது.

அந்தக் குறிப்பேடு இப்படி இருக்கும்:

ஜூன் 3. சந்தையில் முருங்கை இலை 1 கிலோ. அலசி, நிழலில் பரப்பினேன்.

ஜூன் 10. காய்ந்துவிட்டது. மிக்ஸியில் அரைத்து, 40 மெஷ் சல்லடையில் சலித்தேன்.

ஜூன் 11. தூள் 10 கிராம் + 80% மெத்தனால் 100 மி.லி. மாலை 4 மணிக்கு ஷேக்கரில் வைத்தேன்.

ஜூன் 12. மாலை 4 மணிக்கு எடுத்து வாட்மன் 1 தாளில் வடிகட்டினேன். 88 மி.லி.தான் வந்தது. அதே மெத்தனால் விட்டு 100 ஆக்கினேன்.

ஜூன் 13. காலிக் அமில ஸ்டாண்டர்டு போட்டேன், 20 முதல் 100 வரை. கோடு நேராக வந்தது. சாற்றின் ரீடிங் 3-க்கு மேல் போய் ஆடுகிறது. வீண்.

ஜூன் 14. சாற்றை 50 மடங்கு டைல்யூட் செய்தேன். 3 குழாய். ஸ்டாண்டர்டும் புதிதாக. கருவி காலியில்லை, 40 நிமிடம் ஆகிவிட்டது. 0.41, 0.43, 0.42.

இது நல்ல குறிப்பேடு. நடந்தது நடந்தபடி இருக்கிறது, தோற்றதும் இருக்கிறது. ஆனால் இதன் ஒழுங்கு நாட்களின் ஒழுங்கு. செய்முறைப் பகுதியை வாசிப்பவருக்கு ஜூன் 13 எதற்கு? இலை எப்படித் தூளானது, தூள் எப்படிச் சாறானது, சாறு எப்படி ஓர் எண்ணானது என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே முதல் வேலை வினைமுற்றை மாற்றுவதல்ல, வரிகளை இடம் மாற்றுவது. இலை பற்றிய வரிகள் ஒரு பத்தி, சாறு எடுத்தது ஒரு பத்தி, அளந்தது ஒரு பத்தி, கணக்கிட்டது கடைசி. காலிக் அமிலக் கரைசல் குறிப்பேட்டில் இரண்டு நாட்களில் வருகிறது; செய்முறையில் அளவீட்டுப் பத்தியில் ஒரே முறை வந்தால் போதும்.

அளவீட்டை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஃபோலினும் சியோகால்ட்டுவும் 1927-இல் வெளியிட்ட வினைப்பொருள் மஞ்சள் நிறமானது. ஃபீனால்கள் அதற்கு எலக்ட்ரான் கொடுத்தால் நீலமாகும். அதை ஒயினில் உள்ள ஃபீனால்களை அளக்க ஏற்றபடி 1965-இல் சிங்கிள்டனும் ராசியும் சீரமைத்தார்கள். 765 நானோமீட்டர் ஒளியை நீலம் எவ்வளவு விழுங்குகிறது என்று கருவி காட்டும். அந்த எண்ணை, அளவு தெரிந்த காலிக் அமிலக் கரைசல்கள் தந்த நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். நம் மாணவியின் கோட்டில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் காலிக் அமிலம் ஏறக்குறைய 1.0 காட்டியது. ஆகவே 0.42 என்றால் 42 மைக்ரோகிராம். 50 மடங்கு நீர்க்கச் செய்ததால் அசல் சாற்றில் மில்லிலிட்டருக்கு 2,100. சாறு 100 மி.லி. என்பதால் மொத்தம் 210 மில்லிகிராம். எடுத்த தூள் 10 கிராம். ஆக, கிராமுக்கு 21 மில்லிகிராம்.

இப்போது ஜூன் 13-ஐ என்ன செய்வது? அன்றைய ரீடிங் எங்கும் பயன்படவில்லை. கருவி நம்பத்தக்க எல்லையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். அதை விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து பிறந்த 50 மடங்கு என்ற எண்ணை விட முடியாது. பல ஆய்வேடுகளில் இரண்டும் சேர்ந்தே காணாமல் போகின்றன. நீர்க்கச் செய்தது, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த திட்டத்தில் இல்லாத, நடுவில் சேர்ந்த படி. செய்முறையை எழுதும்போது திட்டத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் வாசிப்பவர் போடும் கணக்கில் கிராமுக்கு 0.42 மில்லிகிராம்தான் வரும். 88 மி.லி.யை 100 ஆக்கிய வரியும் அப்படித்தான். அது போனால் 210 என்பது 185-க்குக் கீழே இறங்கிவிடும்.

தோல்வியை விடலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. முறை சரிப்படாமல் எண்ணே கிடைக்காத நாளை விடலாம். முறை சரியாக ஓடி, எண் கிடைத்து, அது பிடிக்காததால் ஒதுக்கினால், அதைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று குழாய்களில் ஒன்று 0.71 காட்டி, அதை நீக்கிவிட்டு மற்ற இரண்டின் சராசரியைக் கொடுத்தால், 'ஒரு குழாயின் அளவு நீக்கப்பட்டது' என்ற வாக்கியமும் அதன் காரணமும் செய்முறையில் இருக்க வேண்டும்.

இறந்த காலம் எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். ஆய்வக வழிகாட்டித் தாளில் 'இருட்டில் 30 நிமிடம் வைக்கவும்' என்று இருக்கும். மாணவி வைத்தது 40 நிமிடம். அறை வெப்பத்தில் நீலம் மெல்ல ஏறும் நிறம்; பத்து நிமிடம் சும்மா போவதில்லை. ஸ்டாண்டர்டு குழாய்களும் அதே 40 நிமிடத்தில் அளக்கப்பட்டதால் முடிவுக்குப் பழுதில்லை. ஆனால் எழுத வேண்டியது 40. 'அறை வெப்பநிலை' என்று எழுதுவதற்கும் இதே விதிதான். ஜூன் மாதத்துச் சென்னை அறையும் ஊட்டி அறையும் ஒன்றல்ல; வெப்பமானி 31 டிகிரி காட்டியிருந்தால் 31 என்றே போடலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது செயப்பாட்டு வினை மறைத்துவிடும் ஒன்று. 'சோதனை மூன்று முறை செய்யப்பட்டது' என்று ஆய்வேடுகளில் வாடிக்கையாக எழுதுகிறார்கள். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் எது மூன்று முறை? மூன்று மரங்களிலிருந்து இலை பறித்தார்களா? ஒரே தூளை மூன்று முறை எடைபோட்டு மூன்று சாறு எடுத்தார்களா? ஒரே சாற்றை மூன்று குழாயில் ஊற்றினார்களா? குறிப்பேட்டில் சந்தேகமே இல்லை: ஒரு கிலோ இலை, ஒரு சாறு, மூன்று குழாய். அப்படியானால் 0.41, 0.43, 0.42 என்ற நெருக்கம் மாணவியின் கை எவ்வளவு நிதானமானது என்று மட்டுமே சொல்கிறது. முருங்கை மரத்துக்கு மரம் எவ்வளவு மாறும் என்பது பற்றி அது ஒன்றும் சொல்லாது. இந்த மூன்றையும் வைத்து முருங்கையையும் அகத்தியையும் ஒப்பிட்டு, வேறுபாடு நிச்சயமானது என்று புள்ளியியல் சோதனை போட்டால், அடித்தளமே தவறு. 'ஒரே சாற்றிலிருந்து மூன்று குழாய்கள் அளக்கப்பட்டன' என்று எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள், எழுதியவர் உட்பட.

செய்தவர் யார் என்பதையும் இந்த வினை விழுங்கிவிடும். குழாயில் ஊற்றியது யார் என்பது யாருக்கும் வேண்டாம். அங்கே அது பொருத்தம். 'இலை முருங்கைதான் என்று உறுதி செய்யப்பட்டது' என்னும்போது யார் உறுதி செய்தார் என்பது வேண்டும். 'தாவரவியல் துறை வகைப்பாட்டியல் ஆசிரியரால்' என்று 'ஆல்' சேர்த்து எழுதினால் குறை தீரும். நேச்சர் குழுமத்து இதழ்கள் செய்வினையையே விரும்புகின்றன. ஆனால் நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பெரும்பாலும் செயப்பாட்டு வினையைத்தான் கேட்கின்றன. கேட்கும் இடத்தில் அதைச் சரியாகக் கையாள வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'கழுவப்பட்டன, உலர்த்தப்பட்டன, பொடியாக்கப்பட்டன' என்று அடுக்க வேண்டியதில்லை. வினையெச்சங்களை வரிசையாக வைத்துக் கடைசி வினையை மட்டும் 'பட்டது' ஆக்கினால் போதும். அளவீட்டுப் பத்தியை இப்படி எழுதலாம்:

'வடிநீர் 80% மெத்தனாலால் 100 மி.லி. ஆக்கப்பட்டு, காய்ச்சி வடித்த நீரால் 50 மடங்கு நீர்க்கச் செய்யப்பட்டது. இதிலிருந்து 0.5 மி.லி. வீதம் மூன்று குழாய்களில் எடுத்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்த ஃபோலின்-சியோகால்ட்டு வினைப்பொருள் 2.5 மி.லி. சேர்க்கப்பட்டது. ஐந்து நிமிடங்களுக்குப் பின் 7.5% சோடியம் கார்பனேட் 2 மி.லி. சேர்த்து, 31 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் இருட்டில் வைக்கப்பட்டது. சாறு இல்லாத குழாயை ஒப்பாகக் கொண்டு 765 நானோமீட்டரில் அளக்கப்பட்டது. காலிக் அமிலக் கரைசல்களும் (மில்லிலிட்டருக்கு 20 முதல் 100 மைக்ரோகிராம்) இதே முறையில், அதே வேளையில் அளக்கப்பட்டன.'

நாட்களின் வரிசையை உடைத்தாலும், உடைக்கக் கூடாத வரிசை ஒன்று இதற்குள் இருக்கிறது. வினைப்பொருள் முதலில், கார்பனேட் பிறகு. வினைப்பொருள் காரத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஃபீனாலோடு அது ஏற்கெனவே கலந்திருந்தால்தான் காரம் சேர்ந்ததும் இரண்டும் வினைபுரியும். 'வினைப்பொருளும் கார்பனேட்டும் சேர்க்கப்பட்டன' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டால், படித்துச் செய்பவர் எதை முதலில் ஊற்றுவார் என்று சொல்ல முடியாது. 'பின்', 'சேர்த்து' போன்ற சொற்கள் இங்கே வேதியியலைத் தாங்குகின்றன.

பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடவர் 1963-இல், அறிவியல் கட்டுரையே ஒரு மோசடியா என்று பி.பி.சி. உரையில் கேட்டார். கண்டுபிடித்த வழியைக் கட்டுரை மறைத்து, வேறு வழியில் நடந்ததுபோல் காட்டுகிறது என்பது அவர் புகார். சிந்தனை நடந்த வழிக்கு அது பொருந்தும் என்றே நானும் நினைக்கிறேன். செய்முறைப் பகுதியின் கடமை வேறு: மாணவி எப்படித் தடுமாறினார் என்று அது சொல்ல வேண்டாம், அந்த 21 எங்கிருந்து வந்தது என்று சொன்னால் போதும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் குறிப்பேட்டின் பக்க எண்ணைப் பென்சிலால் குறிக்கச் சொல்வேன். எண் கிடைக்காத வாக்கியம் வழிகாட்டித் தாளிலிருந்து வந்தது. நடந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு பத்தியை அந்தச் சோதனையைச் செய்யாத ஒரு தோழியிடம், 0.42 என்ற ரீடிங்கோடும் காலிக் அமிலக் கோட்டோடும் கொடுத்து, கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்ல வேண்டும். அவருக்கு 21 வந்தால் சரி. நடுவில் 'தூள் எத்தனை கிராம்?' என்று கேட்டால், மேலே கொடுத்த பத்தியிலும் அது இல்லை. சாறு எடுத்த பத்தியில் அது விடுபடாமல் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.